E120 என்று போட்டிருக்கும் சிவப்பு நிறம் பூச்சியிலிருந்து வருவதா?

நித்யா_எஸ்
நேற்று ஸ்ட்ராபெரி யோகர்ட் ஒன்று வாங்கினேன். இளஞ்சிவப்பு நிறம், மேலே பழத்தின் படம். சாப்பிட்டு முடித்து டப்பாவைக் கழுவும்போது சும்மா லேபிளைப் படித்தேன். பால், சர்க்கரை, ஸ்ட்ராபெரிக் கூழ் 6%, அப்புறம் "நிறமி: E120". தேடிப் பார்த்தால் பூச்சி என்று வருகிறது. நான் பிறந்ததிலிருந்து முட்டைகூடச் சாப்பிடாதவள். இது உண்மையா, இல்லை சுற்றுக்கு விடப்படும் வதந்திகளில் ஒன்றா? உண்மை என்றால், இதுவரை சாப்பிட்ட சிவப்பெல்லாம் பூச்சிதானா?

கடலோடி
உண்மைதான். கடையில் விற்கும் சிவப்புச் சாயம் எல்லாமே பூச்சிதான். E120, E122, E124, E129 எல்லாம் ஒரே குடும்பம். 124-க்கு "கொச்சினீல் ரெட் ஏ" என்றே பெயர் உண்டு, கொச்சினீல் என்பது அந்தப் பூச்சியின் பெயர். 122-க்கு கார்மோய்சின் என்று பெயர், கார்மைனோடு ஒட்டிய பெயர்தான். சிவப்பைக் கண்டால் கீழே வைத்துவிடுங்கள், அவ்வளவுதான்.

சாயப்பட்டறை
கடலோடி பாதி சரி. மீதிப் பாதியை நம்பினால் நித்யா பட்டினிதான் கிடக்க வேண்டும்.

உணவு நிறமிகளைச் சோதிக்கும் ஆய்வுக்கூடத்தில் எட்டு வருடம் இருந்தவன் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். E120 பூச்சிதான், அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் 122, 124, 129 மூன்றிலும் பூச்சி இல்லை. அவை பெட்ரோலிய மூலப்பொருளிலிருந்து தொழிற்சாலையில் செய்யப்படுபவை. 124-க்கு "கொச்சினீல் ரெட்" என்ற பெயர் வந்தது, அசல் கொச்சினீலின் நிறத்தைப் போலச் செய்ததால். கார்மோய்சினும் அப்படித்தான், பெயரில்தான் கார்மைனின் சாயல். இந்த இரண்டு பெயர்களால் ஏமாந்தவர்கள் ஏராளம். எங்கள் ஆய்வுக்கூடத்துக்கே "இதில் பூச்சி இருக்கிறதா பாருங்கள்" என்று 124 போட்ட மிட்டாயை அனுப்பியிருக்கிறார்கள்.

இப்போது பூச்சிக்கு வருவோம். சப்பாத்திக்கள்ளி மடலில் வெள்ளையாகப் பஞ்சு ஒட்டியதுபோல ஒன்று படியும், பார்த்திருப்பீர்கள். கொச்சினீல் பூச்சியும் அந்த மாதிரிதான் இருக்கும். செதில் பூச்சி வகை. பெண் பூச்சிக்கு இறக்கை கிடையாது. ஒரே இடத்தில் வாயைக் குத்தி, சாறு உறிஞ்சிக்கொண்டு ஆயுள் முழுக்க அங்கேயே இருக்கும். வெள்ளை மெழுகுப் பஞ்சை விலக்கி நகத்தால் நசுக்கினால் விரலெல்லாம் ரத்தச் சிவப்பாகிவிடும். அந்தச் சிவப்புதான் கார்மினிக் அமிலம். எறும்பு மாதிரி எதிரிகள் தன்னைத் தின்னாமல் இருக்க அது உடம்பில் சேர்த்து வைத்திருக்கும் பொருள். உலர்ந்த பூச்சியின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அதுதான்.

தென் அமெரிக்காவில் இருக்கும் பெரு நாட்டில்தான் இன்று அதிகம் வளர்க்கிறார்கள். கள்ளி மடலில் பூச்சியை விட்டு மூன்று மாதம் கழித்துத் தூரிகையால் துடைத்து எடுப்பார்கள். வெந்நீரிலோ ஆவியிலோ வெயிலிலோ கொன்று காயவைப்பார்கள். காய்ந்த பிறகு பார்த்தால் சாம்பல் படிந்த மிளகு மாதிரி இருக்கும். அதைப் பொடித்துத் தண்ணீரில் கொதிக்கவைத்தால் சாயம் இறங்கும். வடிகட்டி, படிகாரமும் கொஞ்சம் கால்சியம் உப்பும் சேர்த்தால் சிவப்பு வண்டலாகப் படியும். அந்த வண்டலைக் கழுவி உலர்த்தினால் கார்மைன். லேபிளில் கார்மைன், கொச்சினீல், E120, நேச்சுரல் ரெட் 4 என்று எது இருந்தாலும் மூலம் இந்தப் பூச்சிதான்.

வெட்டிப்பேச்சு
தேன் தேனீயிடமிருந்து, பட்டு புழுவிடமிருந்து, சிவப்பு கள்ளிப்பூச்சியிடமிருந்து. நாமெல்லாம் பூச்சிகளின் தயவில்தான் பிழைக்கிறோம்.

நித்யா_எஸ்
சிரிப்பு வரவில்லை வெட்டிப்பேச்சு. தேனுக்காகத் தேனீயைக் கொதிக்கவைப்பதில்லையே.

சாயப்பட்டறை சார், ஒரே ஒரு கேள்வி. கேட்கவே கூசுகிறது, ஆனாலும் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த ஒரு டப்பாவில் எத்தனை பூச்சி போயிருக்கும்?

சாயப்பட்டறை
கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு கிலோ உலர்ந்த கொச்சினீலுக்குச் சுமார் ஒன்றரை லட்சம் பூச்சி வேண்டும். அப்படியென்றால் ஒரு பூச்சி ஆறரை மில்லிகிராம். அதில் ஐந்தில் ஒரு பங்கு என்றால் 1.3 மில்லிகிராம் கார்மினிக் அமிலம்.

உங்கள் டப்பா 100 கிராம், அதில் 10 மில்லிகிராம் கார்மைன் போட்டிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். லேசான இளஞ்சிவப்புக்கு அவ்வளவு போதும். கார்மைனில் பாதிதான் கார்மினிக் அமிலம் என்று எடுத்துக்கொண்டால் 5 மில்லிகிராம். 1.3-ஆல் வகுத்தால் நான்கு பூச்சி. சாயம் இறக்கும்போது கொஞ்சம் வீணாகும், அதையும் சேர்த்து ஐந்து என்று வைத்துக்கொள்ளுங்கள். கால், தோல் என்று எதுவும் டப்பாவுக்குள் வராது, எல்லாம் வடிகட்டும்போதே போய்விடும். ஆனால் பூச்சியின் புரதம் கொஞ்சம் கூடவே வந்துவிடும். அதைப் பற்றி வேறு யாராவது கேட்பார்கள் என்று நினைக்கிறேன்.

நித்யா_எஸ்
ஐந்து. சரி. தெரியாமல் இருந்திருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன்.

பாலு_70
இந்தச் சிவப்புச் சாயத்தால்தான் என் பேரன் ஒரு இடத்தில் உட்காரமாட்டேன் என்கிறான் என்று மருமகள் சொல்கிறாள். ஐரோப்பாவில் பாக்கெட்டிலேயே எச்சரிக்கை போடுகிறார்களாமே. இதைத் தடை செய்யாமல் விட்டுவைத்திருக்கிறார்களே!

சாயப்பட்டறை
ஐயா, நீங்கள் சொல்லும் எச்சரிக்கை வேறு சாயங்களுக்கு. 2010 ஜூலையிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் ஆறு செயற்கை நிறமிகளுக்குக் குழந்தைகளின் கவனத்தையும் நடத்தையையும் பாதிக்கலாம் என்று லேபிளில் எழுத வேண்டும். அந்த ஆறில் 122, 124, 129 உண்டு. 120 கிடையாது. இந்த இழையில் பேசுவது 120-ஐ. பேரன் ஓடுவதற்குக் கார்மைன் பொறுப்பில்லை.

பாலு_70
அப்போ பூச்சி பரவாயில்லை, மற்றதுதான் மோசம் என்கிறீர்களா?

சாயப்பட்டறை
அப்படியும் சொல்லவில்லை ஐயா. பூச்சிக்கு வேறு பிரச்சினை.

ரஹ்மான்கனி
எங்கள் வீட்டிலும் இதே கேள்விதான், காரணம் மட்டும் வேறு. வாப்பா ஹனஃபி வழியில் கண்டிப்பானவர். வெட்டுக்கிளியைத் தவிர வேறு பூச்சி எதுவும் கூடாது, அதனால் E120 வீட்டுக்குள் வரக்கூடாது. ஆனால் மச்சான் இந்தோனேசிய ஹலால் முத்திரை போட்ட பிஸ்கட்டை வாங்கி வந்தார், அதிலும் 120. இரண்டு நாள் வீட்டில் ஒரே வாக்குவாதம்.

விசாரித்ததில் இந்தோனேசிய உலமா மன்றம் 2011-இலேயே, கெடுதல் இல்லாதவரை கொச்சினீல் சாயம் கூடும் என்று ஃபத்வா கொடுத்திருக்கிறது. மற்ற பல அமைப்புகள் ஏற்பதில்லை. ஆக "ஹலால் முத்திரை இருக்கிறது, பூச்சி இருக்காது" என்று நினைப்பது தப்பு. முத்திரை கொடுத்தது யார், அவர்கள் எந்தக் கருத்தைப் பின்பற்றுகிறார்கள் என்று பார்க்க வேண்டியிருக்கிறது. வாப்பாவும் மச்சானும் இன்னும் சமாதானம் ஆகவில்லை. பிஸ்கட் அலமாரியில் அப்படியே இருக்கிறது.

கடலோடி
யூதர்களிடமும் இந்தப் பிரச்சினை உண்டு ரஹ்மான் பாய். கோஷர் முத்திரை கொடுப்பவர்கள் பெரும்பாலும் கார்மைனை ஏற்பதில்லை. இது சரிதானே சாயப்பட்டறை, இல்லை இதிலும் பாதியா?

சாயப்பட்டறை
இது முழுசும் சரி. 😀

மாலதி_ர
இழை முழுவதும் படித்தேன். எங்கள் வீட்டுக் கதையைச் சொல்லலாமா? நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் தங்கைக்கு 34 வயது. இரண்டு வருடம் முன்பு ஒரு மாலை ஸ்ட்ராபெரி யோகர்ட் சாப்பிட்டாள். இருபது நிமிடத்தில் உதடு தடித்து, கழுத்திலும் வயிற்றிலும் கொசு கடித்ததுபோலத் தடிப்புத் தடிப்பாக வந்தது. மாத்திரை போட்டதும் இரண்டு மணி நேரத்தில் அடங்கியது. ஸ்ட்ராபெரி ஒத்துக்கொள்ளவில்லை என்று எல்லோரும் முடிவு செய்தோம். பக்கத்து மருத்துவரும் அதையேதான் சொன்னார்.

ஒரு வருடம் ஸ்ட்ராபெரிப் பக்கமே போகவில்லை. அப்புறம் யாரோ கொடுத்த சிவப்பு ஜெல்லி மிட்டாய் ஒன்றைச் சாப்பிட்டாள். செர்ரி சுவை, ஸ்ட்ராபெரி பெயருக்குக்கூட இல்லை. மறுபடி அதே தடிப்பு. இந்த முறை தொண்டையும் கொஞ்சம் அடைப்பதுபோல இருந்தது என்றாள். இதற்கு நடுவில் ஒரு நாள் மறந்துபோய், பழமாக இருந்த ஸ்ட்ராபெரியை நாலைந்து சாப்பிட்டிருக்கிறாள். ஒன்றும் ஆகவில்லை! வெறும் தயிரும் தினம் சாப்பிடுகிறாள்.

அப்போதுதான் நான் இரண்டு பாக்கெட்டின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டிலும் பொதுவாக இருந்தவை சர்க்கரை, சிட்ரிக் அமிலம், E120. சர்க்கரையும் எலுமிச்சைப் புளிப்பும் அவள் தினம் சாப்பிடுவதுதான்.

இன்னொன்று. அவள் ஏழெட்டு வருடமாக ஒரே உதட்டுச்சாயம்தான் போடுவாள். போட்டால் லேசாக அரிக்கும் என்பாள், குளிர்காலத்தில் உதடு வெடிப்பதால் என்று விட்டுவிட்டோம். அந்தக் குச்சியின் அடியில் பொடி எழுத்தில் "CI 75470" என்று இருந்தது. இதுவும் அதுதானா?

சாயப்பட்டறை
அதேதான் அக்கா. அழகுசாதனப் பொருட்களில் கார்மைனுக்கு அந்த எண்தான். 75470 என்று பார்த்தால் உணவில் E120 பார்த்ததற்குச் சமம்.

நான் சொன்ன புரதம் இங்கேதான் வருகிறது. ஒவ்வாமையைக் கிளப்புவது பெரும்பாலும் நிறம் தரும் மூலக்கூறு இல்லை, பூச்சியிலிருந்து கூடவே வந்து ஒட்டிக்கொண்ட புரதம். செயற்கைச் சிவப்பில் பூச்சிப் புரதம் இருக்க வழியில்லை. ஆனால் "இயற்கை நிறமி" என்ற வார்த்தையைப் பார்த்து உங்கள் தங்கை அதைத்தான் பாதுகாப்பு என்று நினைத்து எடுத்திருப்பார். வேடிக்கை என்னவென்றால், கார்மைனை இயற்கை என்று சொல்வதில் பொய் எதுவும் இல்லை.

ஊசிக்குத்து
ஒவ்வாமைப் பிரிவில் செவிலியாக இருக்கிறேன். மாலதி அக்கா சொன்னது நாங்கள் நோயாளியிடம் கேட்டு வாங்கும் வரலாறு மாதிரியே இருக்கிறது. கார்மைன் ஒவ்வாமை அரிதுதான், ஆனால் வந்தால் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. சிவப்பு நிற மதுபானம் குடித்துவிட்டு மயங்கி விழும் அளவுக்குப் போனவர்கள் உண்டு, காரணம் அதில் இருந்த கார்மைன் என்று பிறகு தெரிந்தது. கார்மைன் தூளோடு வேலை செய்யும் தொழிலாளர்களுக்கு ஆஸ்துமா வந்ததும் பதிவாகியிருக்கிறது. உதட்டில், கண்ணிமையில் தினம் பூசுவதால் உடம்பு முதலில் அதை எதிரியாக அடையாளம் கண்டுகொண்டு, அப்புறம் சாப்பிடும்போது வெடிக்கிறது என்று கருதுகிறார்கள். இதில் பெண்கள் அதிகம் பாதிக்கப்படுவதற்கும் அதுதான் காரணமாக இருக்கலாம்.

ஆனால் அக்கா, இரண்டு லேபிள் ஒத்துப்போனதை வைத்து நீங்களே தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். ஜெல்லியில் வேறு ஏதாவது இருந்திருக்கலாம். தோலில் குத்திப் பார்க்கும் சோதனை இருக்கிறது. கார்மைனுக்கு என்று தயார் மருந்து எல்லா இடத்திலும் இருக்காது, அதனால் நிறமியையே கரைத்துக் குத்திப் பார்ப்பார்கள். சந்தேகப்படும் பாக்கெட், உதட்டுச்சாயம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள். சோதனைக்குச் சில நாள் முன்பு ஒவ்வாமை மாத்திரையை நிறுத்த வேண்டியிருக்கும், எத்தனை நாள் என்று அவர்களே சொல்வார்கள். வீட்டில் கொஞ்சம் சாப்பிட்டுப் பார்ப்போம் என்று மட்டும் கிளம்பிவிடாதீர்கள். தொண்டை அடைத்தது என்று சொன்னீர்களே, அது எனக்குப் பிடிக்கவில்லை. மறுபடி அப்படி வந்தால் மாத்திரை போட்டுக் காத்திருக்க வேண்டாம், நேராக அவசரச் சிகிச்சைக்குப் போங்கள்.

மாலதி_ர
ரொம்ப நன்றிம்மா. ஒன்று சொல்ல மறந்துவிட்டேன், அதுதான் குழப்புகிறது. நடுவில் ஒரு சிவப்புக் குளிர்பானம் குடித்தபோதும் அரித்தது என்றாள், தடிப்பு வரவில்லை. அந்தப் பாட்டிலில் 120 இல்லை, 129 என்று இருந்தது.

ஊசிக்குத்து
அது பொருந்தவில்லைதான். இரண்டு தடவை அடிபட்டவருக்குச் சிவப்பைப் பார்த்தாலே அரிப்பதும் உண்டு. உண்மையிலேயே வேறு ஏதோ இருக்கலாம் என்பதும் உண்டு. அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள், நமக்குப் பொருந்தியதை மட்டும் சொல்வது தப்பு.

கடலோடி
வீட்டிலேயே கண்டுபிடிக்க வழி இருக்கிறது. சமையல் சோடா ஒரு சிட்டிகை போடுங்கள். நிறம் மாறினால் பழம், மாறாவிட்டால் பூச்சி.

சாயப்பட்டறை
கடலோடி, இந்த முறை கால்தான். 😀

சோடா போட்டால் நிறம் மாறுவது திராட்சை, நாவல் மாதிரிப் பழங்களில் இருக்கும் நிறமிக்கு. நீலம் கலந்த சாம்பலாகிவிடும். அதை வைத்துப் பழ நிறமி இருக்கிறது என்று சொல்லலாம். மாறவில்லை என்றால் பூச்சி என்று சொல்ல முடியாது. செயற்கைச் சிவப்பும் பெரிதாக மாறாது. கார்மைன் கொஞ்சம் ஊதாப் பக்கம் சாயலாம், கண்ணுக்குத் தெரியாமலும் போகலாம். பீட்ரூட் நிறம் சாதாரணச் சோடாவுக்கு அசையாது, கடுமையான காரத்தில்தான் மஞ்சளாகும். அதோடு நித்யாவின் டப்பாவில் 6% நிஜ ஸ்ட்ராபெரியும் இருக்கிறது. பழத் துணுக்கு நிறம் மாறும், சுற்றியிருக்கும் இளஞ்சிவப்பு அப்படியே நிற்கும். எதை வைத்து என்ன முடிவுக்கு வருவீர்கள்? ஆய்வுக்கூடத்தில் நிறமிகளைப் பிரித்து ஒவ்வொன்றாக அடையாளம் காண்போம். வீட்டில் லேபிளைப் படிப்பதைவிட நல்ல சோதனை கிடையாது.

நித்யா_எஸ்
லேபிளில் வெறுமனே "இயற்கை நிறமி" என்று போட்டிருந்தால்?

சாயப்பட்டறை
அப்போது சொல்ல முடியாது. அமெரிக்காவில் ரொம்ப நாள் அப்படித்தான் இருந்தது, "நிறம் சேர்க்கப்பட்டது" என்று மட்டும் போட்டுவிடுவார்கள். ஒவ்வாமைப் புகார்கள் வந்தன, நுகர்வோர் அமைப்பு ஒன்று 1998-இல் மனு கொடுத்தது. கடைசியில் 2011 ஜனவரி 5-இலிருந்து உணவிலும் அழகுசாதனத்திலும் கார்மைன் அல்லது கொச்சினீல் சாறு என்று பெயர் சொல்லித்தான் ஆக வேண்டும் என்று விதி அமலுக்கு வந்தது. ஆனால் "பூச்சியிலிருந்து எடுத்தது" என்று எழுதச் சொல்லவில்லை. பெயர் தெரிந்தவர் தப்பித்துக்கொள்வார், தெரியாதவர் உங்களைப்போல டப்பா கழுவும்போது கண்டுபிடிப்பார்.

எந்த நாடாக இருந்தாலும் பெயரோ எண்ணோ இல்லாமல் பொதுவாக எழுதியிருந்தால் தயாரிப்பாளரிடம் கேட்பதுதான் வழி. கேட்கும்போது "சைவமா?" என்று கேட்காதீர்கள். "நிறமி 120 இருக்கிறதா?" என்று கேளுங்கள். முதல் கேள்விக்கு "ஆமாம், இறைச்சி இல்லை" என்று பதில் வரும், அது உங்களுக்கு உதவாது.

வெட்டிப்பேச்சு
இவ்வளவு சிக்கலான பூச்சியை விட்டுவிட்டு பீட்ரூட்டையே போடலாமே? கம்பெனிக்காரர்களுக்கு என்ன கேடு?

சாயப்பட்டறை
வெட்டிப்பேச்சிடமிருந்து முதல் முறையாக நல்ல கேள்வி.

பீட்ரூட் நிறம் சூட்டில் பழுப்பாகிவிடும், வெளிச்சத்திலும் வெளுக்கும். பழ நிறமி யோகர்ட்டின் லேசான புளிப்பில் மங்கி ஊதாவாகத் தெரியும், ஜாம் அளவுக்குப் புளிப்பு இருந்தால்தான் பளிச்சென்று சிவக்கும். கார்மைன் சூட்டுக்கும் வெளிச்சத்துக்கும் அசைந்து கொடுக்காது. கண்ணாடி அலமாரியில் விளக்குக்குக் கீழே மூன்று வாரம் இருந்தாலும் முதல் நாள் நிறம்தான். அதற்கும் ஒரு பலவீனம் உண்டு, ரொம்பப் புளித்த பானத்தில் வண்டலாக அடியில் இறங்கிவிடும். அதனால்தான் பால் பொருட்கள், இறைச்சி, மிட்டாய், மாத்திரை மேல்பூச்சு மாதிரி இடங்களில் அதிகம் பார்ப்பீர்கள்.

மாற்ற முடியாதது ஒன்றும் இல்லை. 2012-இல் ஸ்டார்பக்ஸின் ஸ்ட்ராபெரி பானத்தில் கொச்சினீல் இருப்பது தெரிந்து சைவர்கள் எதிர்த்தார்கள். தக்காளியில் இருக்கும் லைகோபீனுக்கு மாறுவதாக அந்த நிறுவனம் அறிவித்தது. லேபிளில் அது E160d. பீட்ரூட் E162, பழ நிறமி E163. நித்யாவுக்கு இந்த மூன்றும் ஒத்துவரும்.

நித்யா_எஸ்
160d, 162, 163. குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டிவிட்டேன். கூடவே 120-க்குச் சிவப்பில் பெருக்கல் குறி.

மாத்திரை மேல்பூச்சு என்று சொன்னீர்களே, அம்மா தினம் போடும் சத்து மாத்திரை இளஞ்சிவப்பு. இப்போது அதன் அட்டையைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

சாயப்பட்டறை
அட்டையை முழுசாகப் படியுங்கள். பளபளப்புக்காக E904 என்று இருக்கலாம், அது அரக்கு. அரக்குப் பூச்சி சுரப்பது. பூச்சியைக் கொல்வது, கொல்லாதது என்ற உங்கள் கணக்கில் அது எந்தப் பக்கம் விழும் என்று நான் சொல்லமாட்டேன். அறுவடையில் பூச்சிகளும் சாகத்தான் செய்கின்றன.

நித்யா_எஸ்
இருக்கிறது. 904. இதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம் சார்.

மாலதி_ர
சின்னத் தகவல். தங்கைக்கு அடுத்த வியாழன் சோதனைக்கு நேரம் கிடைத்திருக்கிறது. யோகர்ட் டப்பா, ஜெல்லிக் கவர், குளிர்பானப் பாட்டில், உதட்டுச்சாயம் நான்கையும் ஒரு பையில் போட்டு வைத்துவிட்டேன். உதட்டுச்சாயத்தை மட்டும் கொடுக்க மனசில்லை அவளுக்கு, அந்த நிறம் வேறு எதிலும் வராதாம்.

ரஹ்மான்கனி
எங்கள் வீட்டு பிஸ்கட்டை மச்சான் இன்று காலை யாரும் பார்க்காதபோது சாப்பிட்டுவிட்டார். வாப்பா காலி கவரைக் கண்டுபிடித்துவிட்டார்.